ஒரு அழுத்தம், ஒரே விளிம்பு: பட்டன் துள்ளலை அடக்கும் சர்க்யூட்

ஒரு கவுண்டர் சில்லின் கிளாக் பின்னில் சாதாரண பட்டனை நேராக இணைத்து அழுத்திப் பாருங்கள். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் எண் ஒன்று கூட வேண்டும். ஆனால் 0 இருந்த இடத்தில் 3 வரும், அடுத்த முறை 4 வரும், அதற்கடுத்து 9-க்குத் தாவும். சில்லில் பழுது ஒன்றும் இல்லை. தன் பின்னுக்கு வந்த விளிம்புகளை அது ஒன்று விடாமல் எண்ணியிருக்கிறது. நீங்கள் ஒருமுறை அழுத்தியதாக நினைத்தபோது பட்டன் பலமுறை இணைந்து பிரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பட்டனுக்குள் இருப்பது மெல்லிய உலோகத் தகடு. விரலின் அழுத்தத்தில் அது வேகமாக நகர்ந்து எதிரே இருக்கும் உலோகத்தில் மோதுகிறது. தகட்டுக்கு எடையும் உண்டு, வில்போல வளையும் தன்மையும் உண்டு. அதனால் மோதியதும் அப்படியே ஒட்டிக்கொள்ளாமல் சற்று எழும்பி, திரும்ப மோதி, மறுபடி எழும்பி, கடைசியில்தான் அமர்கிறது. இதைத்தான் துள்ளல் அல்லது பவுன்ஸ் என்கிறோம். விரலை எடுக்கும்போதும் இதே மாதிரி நடக்கும், ஆனால் பலர் அழுத்தும் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு விடும் பக்கத்தை மறந்துவிடுகிறார்கள்.

இந்தக் கலவரம் பொதுவாகச் சில மில்லி விநாடிகளில் முடிந்துவிடும். சிறிய பட்டன்களின் தரவுத்தாளில் துள்ளல் நேரத்துக்கு 5 அல்லது 10 மில்லி விநாடி என்று மேல் வரம்பு போட்டிருப்பார்கள். நம் கண்ணுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் 5 வோல்ட்டில் ஓடும் 74HC வகைச் சில்லுக்கு ஒரு மைக்ரோ விநாடியே தாராளமான நேரம். அதனால் தகடு எழும்பும் ஒவ்வொரு முறையும் அதற்குத் தனி அழுத்தமாகத் தெரிகிறது.

இதைச் சரிசெய்யப் பல வழிகள் இருக்கின்றன. இங்கே நாம் முக்கியமாகப் பார்க்கப்போவது கிளாக் வைத்து மாதிரி எடுக்கும் முறை. அதை பிரெட்போர்டில் கட்டி, வேகத்தைக் குறைத்து, உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்ப்போம். அப்புறம் லாட்ச் முறை எங்கே பொருந்தும் என்பதையும் சொல்கிறேன்.

தேவையானவை

74HC161 கவுண்டர் ஒன்று, 74HC74 ஃபிளிப்-ஃபிளாப் ஒன்று, சீமாஸ் வகை 555 ஒன்று (TLC555 போன்றது), நாலு கால் உள்ள சிறிய பட்டன், ஆறு எல்இடி, அவற்றுக்கு ஆறு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர். இவை போக 10 கிலோ ஓம் இரண்டு, 150 கிலோ ஓம் ஒன்று, 0.1 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் நான்கு, 10 நானோ ஃபாரட் ஒன்று, 10 மைக்ரோ ஃபாரட் ஒன்று. மின்சாரம் 5 வோல்ட்.

555-ல் சீமாஸ் வகைதான் வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. பழைய பைபோலார் 555-இன் வெளியீடு 5 வோல்ட் சப்ளையில் முழு 5 வோல்ட்டுக்கு ஏறாது, ஒரு வோல்ட்டுக்கு மேல் கீழேயே நின்றுவிடும். 74HC சில்லுகளோ உயர்நிலை என்று உறுதியாக எடுத்துக்கொள்ள ஏறத்தாழ 3.5 வோல்ட் கேட்கும். இரண்டும் ஒட்டி ஒட்டி வருவதால் சில நாள் வேலை செய்யும், சில நாள் செய்யாது. அது மட்டுமல்ல, பைபோலார் 555 நிலை மாறும் ஒவ்வொரு முறையும் சப்ளையிலிருந்து மின்னோட்டத்தைச் சட்டென்று இழுக்கும். பக்கத்தில் கவுண்டர் இருக்கும்போது அந்தத் தொல்லை நமக்கு வேண்டாம்.

முதல் படி: துள்ளலைப் பிடித்துப் பாருங்கள்

மருந்து கொடுக்கும் முன் நோய் இருப்பதை உறுதி செய்துகொள்வோம். 74HC161-ல் பின் 16-ஐ 5 வோல்ட்டுக்கும் பின் 8-ஐ தரைக்கும் கொடுங்கள். பின் 1, 7, 9, 10 நான்கையும் 5 வோல்ட்டில் கட்டுங்கள். பின் 3 முதல் 6 வரை தரைக்கு. வெளியீடுகள் பின் 14, 13, 12, 11. அவற்றில் 14-தான் கடைசி இலக்கம், அதாவது மதிப்பு 1. மற்றவை வரிசையாக 2, 4, 8. நான்கிலும் 1 கிலோ ஓம் வழியாக எல்இடி வையுங்கள்.

இனி பட்டன். ஒரு காலைத் தரைக்கும், இன்னொரு காலை 10 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கும் இணையுங்கள். ரெசிஸ்டரும் பட்டனும் சேரும் புள்ளிதான் நம் சிக்னல். சும்மா இருக்கும்போது அங்கே 5 வோல்ட், அழுத்தினால் 0. நாலு கால் பட்டனில் கால்கள் இரண்டிரண்டாக உள்ளேயே இணைந்திருக்கும். எந்த இரண்டு ஜோடி என்று குழப்பமாக இருந்தால் மூலைவிட்டமாக எதிரெதிரே இருக்கும் இரண்டு கால்களை எடுத்துக்கொள்ளுங்கள், அவை எப்போதும் வெவ்வேறு பக்கம்தான். தவறான ஜோடியை எடுத்துவிட்டால் பட்டன் எந்நேரமும் அழுத்தியபடியே இருப்பதாகத் தெரியும்.

அந்தச் சிக்னலை 74HC161-இன் பின் 2-க்கு, அதாவது கிளாக்குக்குக் கொடுங்கள். மின்சாரம் போட்டதும் கவுண்டர் எந்த எண்ணிலும் தொடங்கலாம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். மாற்றத்தை மட்டும் பாருங்கள்.

இப்போது பட்டனை அழுத்தி, விரலை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். இந்தக் கவுண்டர் 0-லிருந்து 5 வோல்ட்டுக்கு ஏறும் விளிம்பில் மட்டும்தான் எண்ணும். அழுத்துவது இறங்கும் விளிம்பு. ஆக, பட்டன் சுத்தமாக இருந்தால் அழுத்தும்போது எண் நகரவே கூடாது, விடும்போது மட்டும் ஒன்று கூட வேண்டும். அழுத்தும்போதே எண் மாறினால், தகடு எழும்பி சிக்னல் மறுபடி 5 வோல்ட்டுக்குப் போய் வந்திருக்கிறது என்று அர்த்தம். ஆசிலோஸ்கோப் இல்லாமலேயே துள்ளலைக் கையும் களவுமாகப் பிடிக்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது. விரலை எடுக்கும்போது எண் ஒன்றுக்கு மேல் கூடினால் அது விடும் பக்கத் துள்ளல்.

ஒரு சில அழுத்தங்களில் ஒன்றும் தப்பாக நடக்காமல் போகலாம். மெதுவாகவும் வேகமாகவும், ஓரத்தில் அழுத்தியும், நடுவில் அழுத்தியும் பாருங்கள். ஒரே பட்டன் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகத் துள்ளும்.

ஆசிலோஸ்கோப் இருந்தால் அளந்தும் விடுங்கள். இறங்கும் விளிம்பில், 2.5 வோல்ட்டில் டிரிகர் வைத்து, ஒரு கட்டத்துக்கு 1 மில்லி விநாடி என்று அமைத்து, ஒருமுறை மட்டும் பிடிக்கும் நிலையில் வையுங்கள். முதல் இறக்கத்திலிருந்து கடைசியாகச் சிக்னல் அமரும் வரை உள்ள நேரம்தான் நமக்கு வேண்டியது. நடுவில் எத்தனை முறை துள்ளியது என்பது முக்கியமில்லை. அழுத்துவதையும் விடுவதையும் பலமுறை அளந்து, கிடைத்ததிலேயே நீளமானதைக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி இங்கே உதவாது.

மாதிரி எடுப்பது ஏன் வேலை செய்கிறது

துள்ளலை வடிகட்ட வேண்டும், அலையை வழவழப்பாக்க வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். மாதிரி எடுக்கும் முறை அதைச் செய்வதே இல்லை. சிக்னலை எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்காமல், குறிப்பிட்ட இடைவெளியில் ஒருமுறை மட்டும் எட்டிப் பார்க்கிறது. பார்த்ததை அடுத்த முறை வரை நினைவில் வைத்துக்கொள்கிறது. டி ஃபிளிப்-ஃபிளாப்பின் வேலையே இதுதான். கிளாக் ஏறும் கணத்தில் டி உள்ளீட்டில் என்ன இருக்கிறதோ அது க்யூ வெளியீட்டுக்குப் போகும். அடுத்த கிளாக் வரை டி-யில் என்ன ஆட்டம் நடந்தாலும் க்யூ அசையாது.

இதில் ஒரே ஒரு நிபந்தனைதான். இரண்டு மாதிரிகளுக்கு இடைப்பட்ட நேரம், துள்ளல் நீடிக்கும் நேரத்தைவிட அதிகமாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் ஒரு துள்ளலுக்குள் அதிகபட்சம் ஒரே ஒரு மாதிரிதான் விழ முடியும். அதற்கு முந்தைய மாதிரி எல்லாம் பழைய நிலையைக் காட்டும், பிந்தைய மாதிரி எல்லாம் புதிய நிலையைக் காட்டும்.

அந்த நடு மாதிரி தப்பாக விழுந்தால்? விழட்டும். எண்களை வைத்தே பார்ப்போம். பட்டன் 4 மில்லி விநாடி துள்ளுகிறது, நாம் 21.5 மில்லி விநாடிக்கு ஒருமுறை பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அழுத்திய கணத்தை 0 என்போம். ஒரு மாதிரி சரியாக 2 மில்லி விநாடியில், துள்ளலின் நட்டநடுவில் விழுகிறது.

அந்தக் கணத்தில் தகடு தொட்டுக்கொண்டிருந்தால் க்யூ உடனே 0-க்கு இறங்கும். அடுத்த மாதிரி 23.5-ல். அதற்குள் துள்ளல் எப்போதோ அடங்கிவிட்டது, அங்கேயும் 0. ஆக ஒரே ஓர் இறக்கம், 2 மில்லி விநாடியில். மாறாக, அந்தக் கணத்தில் தகடு எழும்பி இருந்தால் க்யூ பழையபடி 1-லேயே நிற்கும். 23.5-ல் 0-வைப் பார்த்து இறங்கும். இப்போதும் ஒரே ஓர் இறக்கம், ஆனால் சற்றுத் தாமதமாக. அந்த ஒரு மாதிரி எப்படி விழுந்தாலும் விளிம்பு ஒன்றுதான், வரும் நேரம்தான் மாறுகிறது. இந்த முறையின் முழு பலமும் இதில்தான் இருக்கிறது.

இதையே 1 மில்லி விநாடிக்கு ஒருமுறை என்று வேகமாக எடுத்தால் என்ன ஆகும்? 0.5-ல் தொட்டிருக்கிறது, 1.5-ல் எழும்பியிருக்கிறது, 2.5-ல் தொட்டிருக்கிறது, 3.5-ல் மறுபடி எழும்பியிருக்கிறது, 4.5-ல் அமர்ந்துவிட்டது. க்யூ 0, 1, 0, 1, 0 என்று ஆடும். மூன்று இறக்கங்கள். துள்ளலை அப்படியே படம்பிடித்து அனுப்பிவிட்டோம். வேகமாகப் பார்த்தால் துல்லியம் கூடும் என்று நினைத்துக் கிளாக்கை ஏற்றினால் இந்தக் குழியில்தான் விழ வேண்டும்.

இரண்டாம் படி: கிளாக் கட்டுவது

555-ல் பின் 8-ம் 4-ம் 5 வோல்ட்டுக்கு, பின் 1 தரைக்கு. 5 வோல்ட்டுக்கும் பின் 7-க்கும் நடுவில் 10 கிலோ ஓம். பின் 7-க்கும் 6-க்கும் நடுவில் 150 கிலோ ஓம். பின் 2-ஐயும் 6-ஐயும் கம்பியால் இணைத்து, அங்கிருந்து 0.1 மைக்ரோ ஃபாரட் தரைக்கு. பின் 5-லிருந்து 10 நானோ ஃபாரட் தரைக்கு. வெளியீடு பின் 3. அங்கே 1 கிலோ ஓம் வழியாக ஓர் எல்இடி வையுங்கள், பின்னால் உதவும். கணக்கு இது:

```
T = 0.693 × (R1 + 2 × R2) × C
  = 0.693 × (10k + 300k) × 0.1 µF
  ≈ 21.5 ms
```

இந்த 21.5-ஐ நான் ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், 10 மில்லி விநாடி துள்ளும் பட்டனுக்கும் இது இரண்டு மடங்கு இடம் விடுகிறது. பட்டன் தேயத் தேயத் துள்ளல் கூடலாம், அதனால் அளந்ததற்கு ஒட்டி வைக்க வேண்டாம். மறுபக்கம், இடைவெளியை இஷ்டத்துக்கு நீட்டவும் முடியாது. இரண்டு மாதிரிகளுக்கு நடுவில் அழுத்தி விட்டுவிட்டால் சர்க்யூட்டுக்கு அது தெரியவே தெரியாது. விரலால் தட்டும் பட்டனுக்கு 20 மில்லி விநாடி பாதுகாப்பானது. 100-க்கு மேல் போனால் வேகமாகத் தட்டுபவர்களின் அழுத்தங்கள் தொலையத் தொடங்கும், கையிலும் ஒரு மந்தம் தெரியும்.

மூன்றாம் படி: ஃபிளிப்-ஃபிளாப்புகள்

74HC74-க்குள் இரண்டு டி ஃபிளிப்-ஃபிளாப் உண்டு. இரண்டையும் பயன்படுத்துவோம். பின் 14 சப்ளை, 7 தரை. பின் 1, 4, 10, 13 நான்கும் கிளியர், பிரீசெட் வகை. அவை தாழ்நிலையில்தான் செயல்படும், ஆகவே நான்கையும் 5 வோல்ட்டில் கட்டிவிடுங்கள்.

பட்டன் சிக்னலைக் கவுண்டரிலிருந்து பிடுங்கி 74HC74-இன் பின் 2-க்கு, முதல் டி-க்குக் கொடுங்கள். முதல் க்யூவான பின் 5-ஐ இரண்டாவது டி-யான பின் 12-க்கு இணையுங்கள். 555-இன் வெளியீட்டை பின் 3, பின் 11 என்ற இரண்டு கிளாக்குகளுக்கும் கொடுங்கள். இரண்டாவது ஃபிளிப்-ஃபிளாப்பின் தலைகீழ் வெளியீடு பின் 8. அதுதான் கவுண்டரின் பின் 2-க்குப் போக வேண்டும். தலைகீழானதால் அழுத்தும்போது ஏறும் விளிம்பு கிடைக்கும், கவுண்டர் அழுத்திய உடனேயே எண்ணும்.

ஒன்றே போதும் என்றுதானே இவ்வளவு நேரம் சொன்னோம், இரண்டாவது எதற்கு? பட்டனுக்கு நம் கிளாக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. டி மாறும் கணமும் கிளாக் ஏறும் கணமும் எப்போதாவது ஒன்றன்மேல் ஒன்று விழும். அப்படி விழுந்தால் க்யூ 0-வா 1-ஆ என்று தீர்மானிக்க முடியாமல் சிறிது நேரம் நடுவில் தத்தளிக்கலாம். பெரும்பாலும் நானோ விநாடிக் கணக்கில் தானாக ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இரண்டாவது ஃபிளிப்-ஃபிளாப் அதைப் பார்ப்பதற்குள் முழுதாக 21.5 மில்லி விநாடி கழிந்திருக்கும், அதற்குள் தத்தளிப்பு தீர்ந்துவிடும். விலை, இன்னொரு கிளாக் அளவு தாமதம். அழுத்தியதிலிருந்து எண் மாறும் வரை, அந்த நடு மாதிரி தவறாக விழுந்த மோசமான நேரத்திலும் 50 மில்லி விநாடிக்குள் முடிந்துவிடும்.

கடைசியாக, ஒவ்வொரு சில்லின் சப்ளை பின்னுக்கும் தரைக்கும் நடுவில், முடிந்த அளவு ஒட்டி, ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட் வையுங்கள். மீதமுள்ள எல்இடியை 1 கிலோ ஓம் வழியாக பின் 8-ல் மாட்டிவிட்டால் சுத்தமான சிக்னலையும் பார்க்கலாம். முதல் படியில் செய்த அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். அழுத்தினால் ஒன்று கூட வேண்டும், விட்டால் அசையக் கூடாது.

நான்காம் படி: வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்

இது கட்டாயமில்லை, ஆனால் செய்யாமல் விடாதீர்கள். 555-இன் 0.1 மைக்ரோ ஃபாரட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 10 மைக்ரோ ஃபாரட் வையுங்கள். நேர்முனை பின் 6 பக்கம். இடைவெளி நூறு மடங்காகி 2.15 விநாடி ஆகிவிடும். 555-இன் எல்இடி இப்போது நிதானமாக அணைந்து எரியும். அது எரியத் தொடங்கும் கணம்தான் மாதிரி எடுக்கும் கணம்.

எல்இடி ஒருமுறை எரிந்ததும் பட்டனைப் படபடவென்று பலமுறை அழுத்தி அழுத்தி விடுங்கள். அடுத்த முறை எரியும்போது பட்டன் அழுத்திய நிலையில் இருக்கும்படி பிடித்துக்கொள்ளுங்கள், அதற்குப் பிறகும் விட வேண்டாம். நடுவில் நீங்கள் செய்த அத்தனை ஆட்டமும் காணாமல் போய், அதற்கடுத்த எரிதலில் கவுண்டர் ஒன்றே ஒன்று கூடும். உங்கள் விரல்தான் இப்போது துள்ளும் தகடு. பிறகு இரண்டு எரிதல்களுக்கு நடுவில் ஒருமுறை அழுத்தி உடனே விட்டுவிடுங்கள். ஒன்றுமே நடக்காது. இடைவெளியை அதிகம் நீட்டினால் அழுத்தம் தொலையும் என்றேனே, அது இதுதான்.

பார்த்து முடித்ததும் 0.1 மைக்ரோ ஃபாரட்டைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

சரியாக வரவில்லையா

பட்டனைத் தொடாமலேயே எண் மாறுகிறது, கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் இன்னும் மோசமாகிறது என்றால் ஏதோ ஓர் உள்ளீடு எங்கும் கட்டப்படாமல் தொங்குகிறது. பெரும்பாலும் 74HC74-இன் பின் 10 அல்லது 13-ஆக இருக்கும், இல்லையென்றால் கவுண்டரின் பின் 1 அல்லது 9. சீமாஸ் உள்ளீடு தொங்கினால் 0 என்று ஆகிவிடாது, காற்றில் இருக்கும் மின்புலத்தையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும்.

பட்டனைத் தொடாமல், கையும் பக்கத்தில் இல்லாமல், 555-இன் வேகத்திலேயே எண் ஓடிக்கொண்டிருந்தால் சப்ளை கெபாசிட்டர்களைப் பாருங்கள். 555 நிலை மாறும்போது சப்ளையில் ஏற்படும் குத்தல் கவுண்டருக்குக் கிளாக்காகத் தெரிகிறது. கவுண்டருக்குப் போகும் கம்பியும் 555-இன் வெளியீட்டுக் கம்பியும் நீளமாக ஒட்டிக்கொண்டு போனாலும் இந்தச் சிக்கல் வரும்.

எல்லாம் சரியாக இருந்தும் எப்போதாவது ஓர் எண் கூடுதலாக வந்தால், அந்தப் பட்டனின் துள்ளல் 21.5 மில்லி விநாடியைத் தாண்டுகிறதா என்று சந்தேகப்படலாம். 150 கிலோ ஓமை 270 ஆக்குங்கள், இடைவெளி 38 மில்லி விநாடிக்கு ஏறும். அதில் குணமானால் காரணம் தெரிந்துவிட்டது, பட்டனை மாற்றிவிடுங்கள்.

இன்னொரு வகைத் தொல்லை உண்டு, அது பட்டனின் குற்றமே அல்ல. பக்கத்தில் மோட்டாரோ ரிலேயோ இருந்து, நீளமான பட்டன் கம்பியில் ஒரு குத்தல் ஏறி, அது சரியாக மாதிரி எடுக்கும் கணத்தில் விழுந்தால் நம் சர்க்யூட் அதை அழுத்தம் என்றே நம்பும். ஒரே மாதிரியை நம்புவதன் எல்லை இது. அங்கே தொடர்ந்து பல மாதிரிகள் ஒத்துப்போனால்தான் நிலையை மாற்ற வேண்டும். MC14490 என்ற சில் இதற்காகவே வந்தது. ஆறு பட்டன்களை ஒரே சில் கவனித்துக்கொள்ளும், வெளியே ஒரு கெபாசிட்டர் வைத்தால் கிளாக்கைத் தானே உண்டாக்கிக்கொள்ளும், உள்ளீடு நான்கு கிளாக் காலம் மாறாமல் இருந்தால் மட்டுமே வெளியீட்டை மாற்றும்.

ஒரு ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் போட்டால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. துள்ளலை அது மழுக்கும் என்பது உண்மை. ஆனால் மழுங்கிய சிக்னல் சில மில்லி விநாடி எடுத்துக்கொண்டு மெதுவாக ஏறும். 74HC161-இன் கிளாக் பின் நானோ விநாடிக் கணக்கில் ஏறும் விளிம்பை எதிர்பார்க்கிறது. மெதுவாக ஊர்ந்து வரும் சிக்னலில் சிறு சலசலப்பு இருந்தாலே ஒரே ஏற்றத்தைப் பலமுறை எண்ணிவிடும். நடுவில் 74HC14 போன்ற ஷ்மிட் டிரிகர் வைத்தால் அந்த வழியும் நன்றாகவே வேலை செய்யும், அது இல்லாமல் வேண்டாம்.

மூன்று முனை சுவிட்ச் என்றால் லாட்ச்

உங்கள் சுவிட்சில் ஒரு பொது முனையும் இரண்டு பக்க முனைகளும் இருந்தால் கிளாக்கே வேண்டாம். டாகிள் சுவிட்ச், மைக்ரோ சுவிட்ச் போன்றவை இந்த வகை. நாலு கால் பட்டன் இதில் சேராது, அதில் கால் நான்கானாலும் முனை இரண்டுதான்.

74HC00-இன் இரண்டு நேண்ட் கேட்டுகளை எடுங்கள். முதல் கேட்டின் வெளியீடு பின் 3-ஐ இரண்டாவதன் உள்ளீடு பின் 4-க்கும், இரண்டாவதன் வெளியீடு பின் 6-ஐ முதலாவதன் உள்ளீடு பின் 2-க்கும் குறுக்காக இணையுங்கள். மீதமிருக்கும் பின் 1, பின் 5 இரண்டையும் தலா 10 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு இழுத்து, சுவிட்சின் பக்க முனைகளுக்கு ஒவ்வொன்றாகக் கொடுங்கள். பொது முனை தரைக்கு. பின் 14 சப்ளை, 7 தரை. மீதி இரண்டு கேட்டுகளின் உள்ளீடுகளைத் தரையில் கட்டுங்கள்.

சுவிட்ச் பின் 5-லிருந்து பின் 1-க்கு நகர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். பின் 5-ஐ விட்டுக் கிளம்பும்போது அங்கே துள்ளும். பின் 5 எப்படி ஆடினாலும் பின் 6 உயர்நிலையிலேயே நிற்கும், ஏனென்றால் லாட்ச் ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கிறது. பிறகு தகடு நடுவழியில் இருக்கும்போது இரண்டு உள்ளீடும் உயர்நிலை, லாட்ச் பழையதைப் பிடித்துக்கொள்கிறது. பின் 1-ஐ முதன்முறை தொட்டதும் பின் 3 உயர்ந்துவிடும். அதன்பின் தகடு எழும்பினால் மறுபடி இரண்டும் உயர்நிலை, அதாவது பிடித்துக்கொள்ளும் நிலை. திரும்பத் தொட்டால் ஏற்கெனவே உயர்ந்திருப்பது உயர்ந்தபடியே இருக்கும். ஆக, முதல் தொடுதலிலேயே, தாமதம் இல்லாமல், ஒரே விளிம்பு. துள்ளல் எவ்வளவு நேரம் நீடித்தது என்ற கேள்வியே எழுவதில்லை. துள்ளும் தகடு எதிர்ப்பக்கம் வரை திரும்பிப் போய்த் தொடாமல் இருந்தால் போதும்.

சுவிட்ச் ஒரு பக்கத்தை விட்ட பிறகே மறுபக்கத்தைத் தொடும் வகையாக இருக்க வேண்டும். தொட்ட பிறகே விடும் வகையும் உண்டு. அதில் நடுவே இரண்டு உள்ளீடும் தாழ்ந்து, இரண்டு வெளியீடும் ஒரே நேரத்தில் உயர்ந்துவிடும். அந்த இடைவேளையில் பின் 5 துள்ளிக்கொண்டே விலகினால் பின் 6-ல் கூடுதல் விளிம்புகள் வரும், லாட்ச் வைத்ததற்கே அர்த்தம் இருக்காது.

இருக்கும் இடத்தில் லாட்ச்தான் என் முதல் தேர்வு. ஆனால் இரண்டு முனை பட்டன்தான் மலிவு, அதுதான் எங்கும் கிடைக்கிறது, பத்துப் பட்டன் இருந்தாலும் ஒரே கிளாக் போதும். அதனால் பெரும்பாலும் மாதிரி எடுக்கும் முறைக்கே வந்து சேர்வோம்.

எஃப்பிஜிஏவில் அதே வேலை

பலகையில் 50 மெகா ஹெர்ட்ஸ் கிளாக் இருந்தால் 555 தேவையில்லை. 20 பிட் கவுண்டர் ஒரு சுற்று முடிக்க ஏறத்தாழ 21 மில்லி விநாடி ஆகும். தாழ்நிலையில் செயல்படும் பட்டனுக்கு வெரிலாக்கில் இப்படி:

```verilog
reg [19:0] cnt = 0;
reg s1 = 1, s2 = 1, a = 1, b = 1;

always @(posedge clk) begin
  cnt <= cnt + 1;
  s1  <= btn_n;
  s2  <= s1;
  if (cnt == 0) a <= s2;
  b   <= a;
end

assign press = b & ~a;
```

இதில் `s1`, `s2` தத்தளிப்பைத் தீர்க்க, `a` மாதிரி எடுக்க. `b` என்பது `a`-வின் ஒரு கிளாக் பழைய பிரதி. முன்பு 1, இப்போது 0 என்றால் இப்போதுதான் அழுத்தப்பட்டது, ஆகவே `press` ஒரே ஒரு கிளாக், அதாவது 20 நானோ விநாடி மட்டும் உயர்ந்து இறங்கும். எவ்வளவு நேரம் பிடித்திருந்தாலும் ஒன்றுதான்.

இங்கே `cnt`-இன் மேல் பிட்டை எடுத்து இன்னொரு கிளாக்காகப் பயன்படுத்தலாமே என்று தோன்றும். வேண்டாம். எல்லா ஃபிளிப்-ஃபிளாப்பும் ஒரே `clk`-இல் ஓடட்டும், `cnt == 0` என்பது அனுமதி மட்டும் கொடுக்கட்டும். அப்போது `press` உங்கள் மீதி சர்க்யூட்டோடு ஒரே தாளத்தில் இருக்கும், `if (press) count <= count + 1;` என்று நேராக எழுதிவிடலாம். சிமுலேஷனில் சோதிக்கும்போது 20 பிட்டை 4 ஆக்கிக்கொள்ளுங்கள். சோதனை உள்ளீட்டில் `btn_n` 16 கிளாக்குக்குள் சிலமுறை மாறி அமரட்டும், `press` ஒருமுறை மட்டும் எழுகிறதா என்று பாருங்கள். பிறகு அதையே 40 கிளாக் வரை துள்ளவிட்டால், ஒன்றுக்கு மேல் எழுவதையும் பார்க்கலாம்.